துத்தநாகத் தகட்டில் நந்தினி

2022இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபோது நண்பர்களுக்குள் நடந்த சண்டைகளை உன்னித்துக் கேட்டிருந்தால் ஒன்று புரிந்திருக்கும். “நந்தினி இப்படி இருக்கமாட்டாளே” என்றவர்களில் பலர் கல்கியின் வரிகளை மனதில் வைத்துப் பேசவில்லை. அவர்கள் மனதில் இருந்தவள் மணியம் வரைந்த நந்தினி. நாவலை முழுதாகப் படிக்காதவர்கள்கூட அந்த முகத்தைத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஒரு வாரப் பத்திரிகைக்காக, சாதாரணத் தாளில் அச்சாவதற்காக வரையப்பட்ட படங்கள், எழுபது வருடம் கழித்து ஒரு பெரிய பட்ஜெட் சினிமாவோடு போட்டி போட்டன.

இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் மணியத்தின் மேதைமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்கள் ஏன் *அப்படி* இருக்கின்றன என்பதற்கு மேதைமை மட்டும் பதில் ஆகாது. ஓவியரின் மேசையிலிருந்து வாசகரின் கைக்கு வருவதற்குள் ஒவ்வொரு படமும் ஒரு உலோகத் தகட்டையும் அமிலத்தொட்டியையும் தாண்டியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழ்ப் பத்திரிகை ஓவியத்தின் பாணி என்று நாம் சொல்வதில் பாதி, அந்தத் தகடு அனுமதித்தது, மறுத்தது ஆகியவற்றின் கணக்கு என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் ‘பிளாக் எடுப்பது’ என்பார்கள். ஓவியர் கறுப்பு இந்திய மையில் வரைந்த படத்தைப் பெரிய கேமராவின் முன் மாட்டி, அச்சில் வரவேண்டிய அளவுக்குச் சுருக்கி நெகட்டிவ் எடுப்பார்கள். ஒளிபட்டால் இறுகும் பூச்சு தடவிய துத்தநாகத் தகட்டின் மேல் அந்த நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். நெகட்டிவில் கோடுகள் உள்ள இடம்தான் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அங்கே ஒளி புகுந்து பூச்சு இறுகும். மற்ற இடத்துப் பூச்சைக் கழுவி எடுத்துவிட்டு, கோடுகளுக்குக் காப்பாகப் பிசின் தூளை உருக்கி ஒட்டவைத்து, தகட்டை நைட்ரிக் அமிலத்தில் போடுவார்கள். காப்பு இல்லாத இடத்தை அமிலம் தின்னும். கோடுகள் மேடாக நிற்கும். அந்தத் தகட்டை மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்தின் உயரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 23 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் பிளாக் தயார். அதை எழுத்துகளோடு சேர்த்தே இறுக்கி ஒரே அழுத்தத்தில் அச்சடிக்கலாம். இதுதான் லைன் பிளாக்.

பல்கலைக்கழக லேபில் சர்க்யூட் போர்டு செய்தவர்களுக்கு இது அப்படியே தெரிந்த வேலை. ஒளிப்பூச்சு, வெளிச்சம், கழுவல், அமிலத்துக்குப் பதில் ஃபெரிக் குளோரைடு, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பு வந்ததே அதனால்தான். போர்டு செய்யும்போது எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம்: ரசாயனம் கீழே மட்டும் தின்னாது, பக்கவாட்டிலும் தின்னும். மெல்லிய கோட்டின் அடிப்பக்கம் இரு புறமும் அரிக்கப்பட்டு, கடைசியில் கோடே பெயர்ந்து போய்விடும். பிளாக் எடுப்பவர்களுக்கும் இதே தலைவலி. ஒரே மூச்சில் ஆழமாக அரிக்காமல், கொஞ்சம் அரித்து, எடுத்து, நான்கு திசையிலிருந்தும் பிசின் தூளைத் தள்ளிக் கோட்டின் பக்கச் சுவர்களை மூடி, மறுபடி அமிலத்தில் இறக்குவார்கள். அவசரப்பட்டால் முடி மாதிரி மெல்லிய கோடு போச்சு.

ஆக லைன் பிளாக்குக்கு இரண்டே நிறம்: கறுப்பு, தாளின் வெள்ளை. நடுவில் சாம்பல் கிடையாது. சாம்பல் வேண்டுமென்றால் ஓவியர் நெருக்கமாகக் கோடு போட்டோ புள்ளி வைத்தோ கண்ணை ஏமாற்ற வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆறு அங்குல அகலத்தில் வரைந்த படம் மூன்று அங்குலமாகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் போட்ட நிழல் கோடுகளுக்கு நடுவே இப்போது கால் மில்லிமீட்டர்தான் மிச்சம். மட்டமான தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். இடைவெளிகள் அடைந்துபோய் நிழல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு நிற்கும். பழைய பத்திரிகைகளில் சில படங்களில் தாடைக்குக் கீழே, புடவை மடிப்பில், கரி அப்பியது போல இருக்கும் இல்லையா, காரணம் இதுதான். கைதேர்ந்த ஓவியர்கள் இதை முன்கூட்டியே கணக்குப் போட்டார்கள். சுருங்கியபின் எது மிஞ்சும் என்று தெரிந்து வரைந்தார்கள்.

உண்மையான சாம்பல் வேண்டுமென்றால் இன்னொரு வழி ஹாஃப்டோன். கேமராவுக்குள் நெருக்கமாகக் கோடு கீறிய கண்ணாடித் திரையை வைத்துப் படத்தைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக உடைப்பது. வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் அங்குலத்துக்கு 120, 133 வரிகள் கொண்ட திரையைப் பயன்படுத்தலாம். நியூஸ்பிரிண்ட் அதைத் தாங்காது. 65 வரித் திரை மாதிரிக் கரடுமுரடான ஒன்றுதான் ஒத்துவரும். 65 வரி என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். பத்திரிகைப் பக்கத்தில் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் வரும் ஒரு கண்ணுக்கு மொத்தமே ஆறு புள்ளிகள். ஆறு புள்ளிகளில் ஒரு பெண்ணின் வஞ்சத்தைக் காட்ட முடியுமா? முடியாது. ஒரே ஒரு வளைந்த கோட்டில் முடியும்.

இப்போது நந்தினிக்கு வருவோம்.

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்தது. மணியத்துக்குத் தொடர் ஆரம்பித்தபோது வயது 26. கதையின் மையத்தில் இரண்டு அழகிகள், குந்தவையும் நந்தினியும், ஒருவருக்கு ஒருவர் ஈடு. இருவரையும் ஒப்பிட்டு வர்ணிக்கும் இடத்தில் கல்கி என்ன செய்கிறார் என்று பாருங்கள். நந்தினிக்குப் பொன்னிறம், குந்தவைக்குச் செந்தாமரை நிறம் என்கிறார். ஒருத்திக்கு வட்ட முகம், மற்றவளுக்குச் சற்று நீண்ட முகம். பிறகு கண், மூக்கு, இதழ் என்று போய்க் கடைசியாகக் கூந்தல். நந்தினிக்குக் கொண்டை. குந்தவையின் கூந்தல் மகுடம் போல இருக்கிறது.

எழுத்தாளனுக்கு இதெல்லாம் சுலபம். ஒரு வரியில் பொன்னிறம் என்று எழுதிவிடலாம். ஓவியருக்குக் கையில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு மை. பொன்னும் செந்தாமரையும் உள்பக்கத்தில் அச்சாகும்போது இரண்டும் தாளின் வெள்ளைதான். வட்ட முகமும் நீண்ட முகமும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் போன வாரம் ஒருத்தி, இந்த வாரம் மற்றொருத்தி என்று வரும்போது, அதுவும் பக்கவாட்டிலோ தலை குனிந்தோ இருக்கும்போது, வாசகர் தடுமாறுவார். கல்கி கொடுத்த பட்டியலில் அமிலத்தொட்டியைத் தாண்டிப் பிழைக்கக்கூடிய வித்தியாசம் ஒன்றே ஒன்று: கொண்டை. கூந்தல் என்பது கறுப்புத் திட்டு. பிளாக்கில் மிகப் பத்திரமாக வரும் விஷயம் அது. எத்தனை சின்னதாகச் சுருக்கினாலும், மை எவ்வளவு பரவினாலும், பக்கவாட்டில் சரிந்த ஒரு கறுப்பு வடிவமும் உச்சியில் உயர்ந்த ஒரு கறுப்பு வடிவமும் ஒன்றாகிவிடாது.

கல்கிக்கு வர்ணனையின் கடைசி அணியாக இருந்த ஒன்று, படங்களில் நந்தினியின் அடையாள அட்டையாகவே ஆகிவிட்டது. இன்றைக்கு யாரிடம் நந்தினியைப் பற்றிக் கேட்டாலும் ‘ஆண்டாள் கொண்டை’ என்பார்கள். பொன்னிறம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெரிய பழுவேட்டரையருக்கு மீசை, ஆழ்வார்க்கடியானுக்கு முன்குடுமியும் நாமமும் தடியும் என்று மற்றவர்களும் இதே விதியில்தான் நடக்கிறார்கள். எல்லோரையும் நிழலுருவத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். சோதித்துப் பாருங்கள், படத்தைக் கையளவு தூரத்துக்குத் தள்ளி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரியும்.

இதில் எனக்கு ஒரு சின்ன வருத்தமும் உண்டு. கல்கி மணியத்தை அஜந்தாவுக்கு அழைத்துப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பயணத்தின் சாயல் அவருடைய பெண் உருவங்களின் இடுப்பு வளைவிலும் பாதி மூடிய விழிகளிலும் தெரிகிறது. அஜந்தாவின் புகழ்பெற்ற ஓவியங்கள் தக்காணத்தில் வாகாடகர் காலத்தவை. கதை நடக்கும் காலத்துக்கு நானூறு, ஐந்நூறு வருடம் முந்தியவை. சோழர் காலத்து ஓவியங்களோ 1931இலேயே தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. இன்று நாம் ‘சோழப் பெண்’ என்று மனதில் காண்பவள் ஓரளவுக்கு அஜந்தாக்காரி. இதைக் குறை என்று சொல்லமாட்டேன், பத்திரிகை ஓவியம் ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை. ஆனால் மேடை நாடகம், காலண்டர், திருமண ஒப்பனை வரை அந்தச் சாயல் ‘வரலாறு’ என்ற பெயரில் நடமாடும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

மணியம் இருந்தது அலங்காரத்தின் பக்கம் என்றால், அதற்கு எதிர்ப்பக்கத்தில் ‘ஆனந்த விகட’னின் கேலிச்சித்திரம். 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்தபின் விகடனின் முகத்தைத் தீர்மானித்தவர்களில் ஒருவர் மாலி. அவர்தான் கோபாலனுக்குக் ‘கோபுலு’ என்றும், கோயில் சிற்பங்களை வரைவதில் தேர்ந்த சீனிவாசனுக்குச் ‘சில்பி’ என்றும் பெயர் வைத்தவர். வசனமே இல்லாத கோபுலுவின் நகைச்சுவைப் படங்களை லைன் பிளாக் என்ற கோணத்திலிருந்து பார்த்தால் அவை எத்தனை புத்திசாலித்தனமானவை என்று புரியும். நிழல் போடுவதே அரிது. அதனால் அடைந்துபோக எதுவும் இல்லை. ஒரே தடிமனான கோடு, நிறைய வெள்ளை. அமிலத்தால் கெடுக்க முடியாத படம் அது. ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு வரைந்தபோது அவருக்குக் கூட்டம் கூட்டமாக மனிதர்கள் தேவைப்பட்டார்கள். அங்கேயும் ஒவ்வொரு ஆளையும் முதுகின் கூனிலும் துண்டு போட்ட விதத்திலும் பிரித்துக் காட்டினார். முகம் இரண்டாம்பட்சம்.

அட்டைப்படம் வேறு உலகம். நல்ல தாள், மூவர்ண பிளாக். மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று ஹாஃப்டோன் தகடுகள், ஒரே தாள் மூன்று முறை இயந்திரத்துக்குள் போய் வரவேண்டும். மூன்றும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் படம். பிசகினால் உதட்டின் சிவப்பு உதட்டை விட்டு நழுவிக் கன்னத்தில் நிற்கும், புருவத்துக்கு மேலே ஒரு நீல நிழல் ஓடும். மூன்று மைகளும் சேர்ந்தாலும் சுத்தக் கறுப்பு வராது, சேற்றுப் பழுப்புதான் வரும். அந்தக் கால அட்டைகளிலும் தீபாவளி மலர்களின் வண்ணப் பக்கங்களிலும் பார்க்கிற அந்த இளஞ்சூடான மங்கலை நாம் ‘பழமையின் அழகு’ என்று கொண்டாடுகிறோம். பாதி அது மையின் குணம், மீதி தாள் மஞ்சளானது.

பிறகு ஆஃப்செட் வந்தது. பத்திரிகைகள் 1970, 80களில் படிப்படியாக மாறின. எதை வேண்டுமானாலும் புகைப்படம் எடுத்து அச்சிடலாம் என்றானதும் பிளாக்கின் கட்டாயம் போனது. அட்டையை நடிகைகளின் புகைப்படங்கள் பிடித்துக்கொண்டன. உள்ளே, சுஜாதா கதைகளுக்கு ஜெயராஜ் வரைந்த இளைஞர்களும் பெண்களும் வந்தார்கள். அந்த உருவங்கள் நிழலுருவத்தில் நிற்கவேண்டிய அவசியம் இல்லை. உடையின் மடிப்பும் நிற்கும் தோரணையும் போதும்.

வேடிக்கை என்னவென்றால், பெரிய பத்திரிகைகள் கோட்டை விட்டு விலகிக்கொண்டிருந்த அதே காலத்தில் சிறுபத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. காரணம் அழகியல் மட்டும் இல்லை, காசும்தான். சில நூறு பிரதி அச்சடிக்கும் பத்திரிகைக்கு மூவர்ண பிளாக் கட்டுப்படியாகாது. பிளாக்குக்குச் சதுர அங்குலக் கணக்கில் காசு. ஒரே நிறத்தில் ஒரு சின்ன லைன் பிளாக், அதுவே பெரிய செலவு. ‘நடை’, ‘கசடதபற’ போன்ற இதழ்களோடு சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலம் போன்றவர்கள் சேர்ந்தபோது இந்த ஏழ்மையே ஒரு பாணியாயிற்று. ஆதிமூலத்தின் கோடு மணியத்தின் கோடு போல வழவழப்பாக ஓடாது. இழுக்கும், கிழியும், தயங்கும். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அவருடைய பங்கில் எனக்கு முக்கியமாகப் படுவது படத்தைவிட எழுத்து. அச்சகங்களில் தமிழ்த் தலைப்புக்கென்று இருந்த பெரிய அளவு ஈய எழுத்துகள் சில வகைகள்தான். அதனால் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைத் தலைப்பை ஓவியரே கையால் எழுதி பிளாக் எடுப்பது வழக்கமாக இருந்தது. சரித்திரக் கதை என்றால் கல்வெட்டு மாதிரி, மர்மக் கதை என்றால் நடுங்கும் எழுத்து. ஆதிமூலம் இந்த வழக்கத்தை நூல் அட்டைக்குக் கொண்டுவந்து, கதைக்கு வேஷம் கட்டுவதை நிறுத்தினார். எழுத்தின் உடலே அட்டையின் படமாக நின்றது. சுழிகள் உடைந்தன, கொம்புகள் நீண்டன, வெற்றிடம் தலைப்பைவிடப் பெரிதானது. இன்று தமிழ் இலக்கிய நூல் ஒன்றைக் கடையில் பத்தடி தூரத்திலிருந்தே ‘இது இலக்கியம்’ என்று நாம் ஊகிப்பதற்குப் பின்னால் இந்தக் கைவேலை இருக்கிறது. பின்னர் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஜூனியர் விகடனில் அவர் வரைந்தபோது அந்தக் கரடான கோடு லட்சக்கணக்கான வாசகர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

இனி நமக்கு நேரடியாக வேலை வைக்கும் பகுதி. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இந்தப் பத்திரிகைகள் கப்பலில் வந்தன. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது இங்கேயும் வழக்கம். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு தொகுதி உண்டு, உங்கள் வீட்டில் பாட்டியின் அலமாரியிலும் இருக்கலாம். அதற்கும், கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் குவிந்த மலிவுப் பதிப்புகளுக்கும் படங்களில் உள்ள வித்தியாசத்தை ஒரு பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய பக்கத்தில் கோட்டின் ஓரம் நடுப்பகுதியைவிடக் கறுப்பாக இருக்கும், பிளாக் அழுத்தும்போது மை ஓரத்துக்குப் பிதுங்கியதால். தாளின் பின்புறத்தை விரலால் தடவினால் சில இடங்களில் மேடு தட்டுப்படும். மலிவு மறுபதிப்பில் கோடுகள் தடித்திருக்கும், நந்தினியின் கண்ணுக்கும் இமைக்கும் நடுவில் இருந்த வெள்ளை காணாமல் போயிருக்கும். அச்சுப் பிரதியை நகலெடுத்து, அந்த நகலை மறுபடி நகலெடுத்ததன் பலன். இணையத்தில் பரவும் படங்களில் இன்னொரு நோய்: ஹாஃப்டோன் புள்ளிகளும் ஸ்கேனரின் புள்ளிகளும் மோதி, முகத்தின் மேல் பட்டுப்புடவை மாதிரி அலையலையான கோலம் விழுந்திருக்கும்.

ஆகவே அந்தத் தொகுதியை ஸ்கேன் செய்யப்போகிறீர்கள் என்றால் கறுப்பு-வெள்ளை என்ற தேர்வைத் தொடாதீர்கள். அது ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா என்று முரட்டுத்தனமாக முடிவு செய்து மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும், அமிலம் செய்ததையே இரண்டாம் முறை செய்யும். வண்ணத்தில், 600 டிபிஐக்குக் குறையாமல் எடுத்து TIFF கோப்பாக வையுங்கள். மஞ்சளை நீக்குவதும் புள்ளிகளை மென்மையாக்குவதும் பிரதியில்தான், மூலக் கோப்பில் அல்ல. பைண்டிங்கை முழுதாக விரித்து அமுக்கவேண்டாம். நியூஸ்பிரிண்ட் தனக்குள்ளேயே உள்ள அமிலத்தால் முறிந்துகொண்டிருக்கிறது, மடிப்பில் அப்பளம் மாதிரி உடையும். மேலிருந்து கேமராவில் எடுப்பது உத்தமம். படத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் முழுப் பக்கமாக எடுங்கள். மூலையில் பொடியாக ஓவியரின் கையெழுத்து இருக்கும், மேலே இதழின் தேதி இருக்கும், பின்பக்கத்தில் ஏதாவது தலைவலி மருந்து விளம்பரம் இருந்தால் அதையும் விடவேண்டாம். அதற்கும் யாரோ ஒருவர் படம் வரைந்திருப்பார்.